டூர் பேக்கேஜில் "அடங்கும் – அடங்காது" பட்டியலை வம்பு வராமல் தமிழாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவில் இருந்துகொண்டு டூர் கம்பனிகளின் ஆங்கிலப் பேக்கேஜ்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள். சீதாஎலிய, ரம்பொடை அனுமார் கோயில், ஹோர்ட்டன் சமவெளி, எல்ல ரயில் என்று ஒரு சுற்று வருவார்கள். இடங்களைப் பற்றிய வர்ணனையில் எனக்கு இதுவரை சண்டை வந்ததில்லை. வந்ததெல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டியல்களில்தான். கீழே உள்ள பதில்களுக்கு ஒரே ஒரு பேக்கேஜை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: கண்டியில் ஓர் இரவு, நுவரெலியாவில் இரண்டு இரவு, எல்லவில் ஓர் இரவு, பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர்.

ஆங்கிலத்தில் உள்ளதை வரிக்கு வரி அப்படியே தமிழாக்கினால் போதாதா? நம் வேலை மொழிபெயர்ப்புதானே?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு கம்பனியின் ஆங்கிலப் பட்டியலில் கிரகரி வாவியில் படகுச் சவாரி "அரேஞ்ச்" செய்யப்படும் என்று இருந்தது. நான் "படகுச் சவாரி ஏற்பாடு செய்து தரப்படும்" என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் சரி. வந்த குடும்பம் படகில் ஏறி இறங்கிய பிறகு படகுக்காரர் காசு கேட்க, பெரியவர் ஒருவர் போனைத் திறந்து என் வரியைக் காட்டியிருக்கிறார். "ஏற்பாடு செய்து தரப்படும்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்குக் காசு?" நம் ஊர்களில் கல்யாண வீட்டில் ஒருவர் "வான் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றால் காசையும் அவரே கொடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். பெரியவர் வாசித்ததில் பிழையில்லை. கம்பனியோ படகைப் பேசிக் கொடுப்போம் என்ற அளவில்தான் அதை எழுதியிருந்தது. கடைசியில் டிரைவர் தன் பையிலிருந்து கட்டிவிட்டு வந்தார், கம்பனிக்காரர் எனக்குப் போன் எடுத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கும் முன் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: அந்த இடத்தில் பர்ஸை வெளியே எடுப்பது யார்? ஆங்கில வரியில் பதில் இல்லையென்றால் நானாக ஒரு பதிலை ஊகித்து எழுதமாட்டேன், கம்பனியைக் கேட்பேன். அவர்கள் பதில் சொன்னால் ஆங்கிலப் பிரதியிலும் அதைத் திருத்தச் சொல்வேன், இல்லாவிட்டால் இரண்டு பிரதியும் இரண்டு கதை சொல்லும். சந்தேகத்தைச் சத்தமில்லாமல் நாமே தீர்த்துவைப்பதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய பெரிய தப்பு. அது உபகாரம் போலத் தெரியும், ஆனால் சண்டை வரும்போது "தமிழில் எழுதினவர் மாத்திட்டார்" என்று நம் தலையில் வந்து விழும்.

"அடங்கும்" என்று போடுவதா, "வழங்கப்படும்" என்று போடுவதா? "உட்பட" போடலாமா?

"அடங்கும்", "அடங்காது". இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டியல் முழுக்க ஒரே வினைச்சொல் வந்தால் வாசிக்கச் சலிப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வரியில் "அடங்கும்", அடுத்ததில் "வழங்கப்படும்", அதற்கடுத்ததில் "வசதி உண்டு" என்று அழகுக்கு மாற்றினால், மூன்றுக்கும் மூன்று அர்த்தம் இருப்பதாக ஒருவர் வாதாடலாம், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கும். "இலவசம்" என்ற சொல்லைத் தொடவே வேண்டாம். விலைக்குள் கணக்குப் பார்த்துச் சேர்த்த காலைச் சாப்பாடு எப்படி இலவசமாகும்? இலவசமாகக் கொடுத்தது தரமில்லாவிட்டால் கேட்கவும் முடியாது என்று பிறகு கம்பனி சொல்லும்.

"உட்பட" விஷயம் கொஞ்சம் நுணுக்கம். தமிழில் அடைமொழி முன்னால் நிற்கும், பின்னால் வருகிறவற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். "ஏசி வான், ரயில் பயணம் உட்பட" என்று எழுதினால் ரயிலுக்கும் ஏசி உண்டு என்று ஒருவர் வாசிப்பார். "முன்பதிவு செய்த ரயில், படகுப் பயணம்" என்றால் படகும் முன்பதிவு ஆகிவிடும். கமாவை நம்பாதீர்கள். ஒரு பொருளுக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் சொந்தமாக ஒரு "அடங்கும்". பட்டியல் எட்டு வரியிலிருந்து இருபது வரியாகும். கம்பனிக்காரர் "ஏன் இவ்வளவு நீளம்?" என்பார். சரி, நீளம்தான்.

"ஹாஃப் போர்ட்" என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? "அரை உணவு" என்று ஓர் இடத்தில் பார்த்தேன்.

நானும் பார்த்தேன். பாதித் தட்டுச் சோறு போடுவார்கள் போல என்று ஒரு அக்கா கேட்டே விட்டார். அது காலை, இரவு என்று இரண்டு வேளைச் சாப்பாட்டுத் திட்டம். திட்டத்தின் பெயரைத் தமிழாக்குவதில் பயனே இல்லை, எண்ணி எழுதுங்கள். நம் பேக்கேஜில் நான்கு இரவு இருப்பதால் நான்கு இரவுச் சாப்பாடு, நான்கு காலைச் சாப்பாடு. அதில் எது முதல், எது கடைசி என்பதுதான் முக்கியம்:

"இரவு உணவு 4 அடங்கும்: முதலாம் நாள் கண்டியில் தொடங்கி நான்காம் நாள் எல்லவில் முடியும். காலை உணவு 4 அடங்கும்: இரண்டாம் நாள் கண்டியில் தொடங்கி ஐந்தாம் நாள் எல்லவில் முடியும். மதிய உணவு எந்த நாளிலும் அடங்காது."

இப்படி எழுதினால் விமானத்தில் இறங்கிய அன்று காலைச் சாப்பாடு எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். "சாப்பாடு" என்று மொட்டையாக எழுத வேண்டாம். நம் வாயில் அது பெரும்பாலும் மத்தியானச் சோறு. குடிக்கிறது சாப்பாட்டுக்குள் வருமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். பல ஹோட்டல்களில் மேசையில் வைக்கும் போத்தல் தண்ணீருக்குத் தனி பில் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பிளேன்ரீயும் அப்படித்தான், அதிலேகூட முகம் சுளித்திருக்கிறார்கள். டிசம்பர் 24, 31 இரவுகளில் சில ஹோட்டல்கள் விசேஷ விருந்து என்று கட்டாயமாகக் கூடுதல் பணம் வாங்கும். பயணத் தேதி அதில் விழுந்தால் அதற்கு ஒரு தனி வரி வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு "நுழைவுக் கட்டணம் அடங்கும்" என்று போட்டால் முடிந்ததுதானே?

முடியாது. அங்கேதான் தொடங்கும். வாயிலில் கொடுக்கும் பற்றுச்சீட்டைப் பார்த்தால் தெரியும்: ஆளுக்கு ஒரு நுழைவுச்சீட்டு, குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வண்டிக்கு ஒரு கட்டணம், எல்லாவற்றின் மேலும் வரி. "நுழைவுக் கட்டணம்" என்று நீங்கள் எழுதியதை ஆளுக்கான சீட்டு மட்டும் என்று கம்பனி வாசிக்கலாம், மொத்தம் என்று விருந்தினர் வாசிக்கலாம். இரண்டு பேரும் வாயில் ஜன்னலுக்கு முன்னால், விடிகாலைக் குளிரில், பின்னால் வரிசை நிற்கும்போது வாசிப்பார்கள். அதனால் நான் "வாயிலில் கட்ட வேண்டிய முழுத் தொகையும் (ஆள், வண்டி, சேவைக் கட்டணம், வரி) அடங்கும்" என்று எழுதுவேன். கம்பனி மறுத்தால் எந்தப் பகுதி இல்லையோ அதைப் பெயர் சொல்லி "அடங்காது" பக்கத்தில் போடுவேன்.

வெளிநாட்டவருக்கு ஒரு விலை, இலங்கையருக்கு ஒரு விலை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற குடும்பத்தோடு இங்கே இருக்கும் மாமாவும் ஏறிக்கொள்வது நம் பக்கத்தில் சாதாரணம். அவருக்கான சீட்டு பேக்கேஜில் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெளிநாட்டவர் கட்டணம் டாலரில் நிர்ணயித்து ரூபாவில் வாங்கப்படுவது. பேக்கேஜ் பேசிய நாளுக்கும் போகும் நாளுக்கும் இடையில் தொகை ஏறினால் வித்தியாசம் யாருடையது? ஆங்கிலத்தில் பெரும்பாலும் இதற்குப் பதில் இருக்காது. கேளுங்கள்.

அப்புறம் அந்தக் காலைச் சாப்பாடு. பனிமூட்டம் ஏறும் முன் உலக முடிவு என்ற மலை விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்காவது கிளம்ப வேண்டும். அந்த நேரம் ஹோட்டல் சமையலறையே திறந்திருக்காது. உள்ளே சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர், திரும்பி வரும்போது பஃபே மூடியிருப்பார்கள். "காலை உணவு அடங்கும்" என்ற வரி அன்றைக்குப் பொய்யாகிவிடும். ஹோட்டல் முதல் நாள் இரவே கட்டிக் கொடுக்குமா என்று கம்பனியிடம் கேட்டு, "மூன்றாம் நாள் காலை உணவு கட்டிய பொதியாகத் தரப்படும், அதற்குப் பதிலாகப் பணம் திருப்பப்படாது" என்று எழுதுகிறேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் "தரப்படும்" வரலாம், ஏனென்றால் காலை உணவு அடங்கும் என்பது ஏற்கெனவே மேலே இருக்கிறது. வாயிலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்பதால், "பொதி கடதாசியில் இருக்கும்" என்பதையும் சேர்க்கச் சொல்லி ஒரு டிரைவர் அண்ணன் சொன்னார். ஒரு தரம் ஒரு குடும்பத்தின் சாண்ட்விச் எல்லாம் உறை கழற்றப்பட்டு, கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனார்களாம்.

ரயில் பயணத்தை எப்படி எழுதுவது? "கிடைத்தால்" என்று போட்டால் பாதுகாப்புதானே?

யாருக்குப் பாதுகாப்பு? இந்த ஒரு வரிக்கு நான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் செலவழிப்பேன். ஆங்கிலத்தில் வருவது இவ்வளவுதான்: எல்லவுக்கு அழகான ரயில் பயணம், ஒன்பது வளைவுப் பாலம், இரண்டாம் வகுப்பு, "கிடைப்பதைப் பொறுத்து". இந்த ஒன்றரை வரியில் குறைந்தது நான்கு சண்டை இருக்கிறது.

முதலாவது, பாலம். நானுஓயாவில் ஏறி எல்ல நிலையத்தில் இறங்கினால் ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடக்கவே கடக்காது. பாலம் எல்லவைத் தாண்டி, தெமோதரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ரயில் ஜன்னலிலிருந்து பாலத்தைப் படம் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு இது சின்ன ஏமாற்றமில்லை. "பயணம் எல்ல நிலையத்தில் முடியும். பாலம் இந்த ரயில் பயணத்தில் அடங்காது. ஐந்தாம் நாள் காலை நடந்து சென்று பார்ப்பது அடங்கும். அங்கே போக ஓட்டோ பிடித்தால் அந்தச் செலவு அடங்காது" என்று பிரித்து எழுத வேண்டும்.

இரண்டாவது, வகுப்பு. "இரண்டாம் வகுப்பு" என்றால் போதாது. முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பில் இருக்கை எண் இருக்கும், முன்பதிவில்லாததில் நின்றுகொண்டு போக வேண்டியும் வரும். இரண்டும் இரண்டாம் வகுப்புதான். நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், அவ்வளவு நேரமும் நிற்கிற ஒரு பாட்டிக்கு வகுப்பின் பெயர் ஆறுதல் தராது. ஜன்னலோர இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சேருங்கள்.

மூன்றாவது அந்தக் "கிடைத்தால்". ரயில்வே முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், இந்தப் பாதையில் இருக்கைகள் வேகமாகப் போய்விடும். கிடைக்காமல் போவது அபூர்வம் இல்லை, அது நடக்கும் என்றே வைத்துக்கொண்டு எழுத வேண்டும். "கிடைத்தால்" என்ற சொல் பாதி வாக்கியம். கிடைக்காவிட்டால் என்ன என்பதுதான் மற்றப் பாதி, அதை ஆங்கிலப் பிரதிகள் விட்டுவிடும். கம்பனியிடம் கேட்டு முடித்த பிறகு ஒரு பேக்கேஜில் நான் எழுதியது இது:

"நானுஓயா முதல் எல்ல வரை முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை, ஆளுக்கு ஒன்று, ஒரு வழி, அடங்கும். முன்பதிவு கிடைக்காவிட்டால் பயணத்துக்கு 10 நாள் முன்பு அறிவிப்போம். அப்போது (அ) முன்பதிவில்லாத சீட்டில் ரயிலில் செல்வது, (ஆ) வானில் எல்லவுக்குச் செல்வது, இரண்டில் ஒன்றை விருந்தினர் தேர்வு செய்யலாம். (அ) என்றால் சீட்டு விலை வித்தியாசமும், (ஆ) என்றால் ரயில் சீட்டின் முழு விலையும் திருப்பித் தரப்படும்."

பத்து நாள் என்பது அந்தக் கம்பனி ஒப்புக்கொண்ட கணக்கு, உங்கள் கம்பனிக்கு வேறாக இருக்கலாம். நாள் எண்ணிக்கை ஒன்று இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

நாலாவது, மழை. மண்சரிவால் பாதை மூடுவது மலையகத்தில் புதிதில்லை. சீட்டு கையில் இருந்தும் ரயில் ஓடாத நாளுக்கு மேலே உள்ள (ஆ) பொருந்துமா என்று ஒரு வரி போடுங்கள். வான் எப்படியும் சாமான்களை ஏற்றிக்கொண்டு வெறுமையாக எல்லவுக்குப் போகிறது. அதனால் பெரும்பாலான கம்பனிகள் மறுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு "12 வயது வரை அரைக் கட்டணம்" என்று இருக்கிறது. இதில் என்ன சிக்கல்?

"வரை"தான் சிக்கல். பன்னிரண்டு முடிந்த பிள்ளை உள்ளேயா வெளியேயா? அம்மா உள்ளே என்பார், ஹோட்டல் வரவேற்பு மேசை வெளியே என்னும். "பயணம் தொடங்கும் நாளில் 12ஆவது பிறந்தநாள் வராத பிள்ளைகள்" என்று எழுதினால் வாய்ப்பேச்சுக்கு இடமில்லை, கடவுச்சீட்டைப் பார்த்தால் போதும். அரைக் கட்டணத்தில் கட்டில் உண்டா என்பதும் இதே வரியில் வரட்டும். "எக்ஸ்ட்ரா பெட்" என்பதற்கு இங்கே பல இடங்களில் தரையில் விரிக்கும் மெத்தைதான். "கூடுதல் படுக்கை" என்று எழுதினால் படிக்கிறவர் கட்டிலை நினைப்பார். ஹோட்டலில் கேட்டு, "தரையில் விரிக்கும் மெத்தை" என்றே எழுதிவிடுங்கள். நுவரெலியாக் குளிரில் தரை மெத்தை என்பது தெரிந்துகொண்டு வர வேண்டிய விஷயம்.

"அல்லது அதற்கு இணையான ஹோட்டல்" என்பதை என்ன செய்வது?

இணை என்றால் எதில் இணை? நட்சத்திரத்திலா, விலையிலா, இடத்திலா? வாவியைப் பார்த்த ஹோட்டலைப் படத்தில் காட்டிவிட்டு ஊருக்கு வெளியே ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போட்டாலும் நட்சத்திரக் கணக்கில் அது இணைதான். நான் மாற்று ஹோட்டலின் பெயரையே கேட்பேன். பெயர் சொல்ல முடியாவிட்டால் எதில் இணை என்பதையாவது எழுதச் சொல்வேன்: அதே நட்சத்திரத் தரம், நகருக்குள், சுடுதண்ணீர் உண்டு. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அறை கிடைப்பதே பாடு, அந்த மாதத்துப் பேக்கேஜில் இந்த வரி நிச்சயம் பயன்படும்.

வாகனம் அடங்கும் என்றால் பெட்ரோல், பார்க்கிங், டிரைவர் பட்டா எல்லாம் தானாக அடங்கிவிடாதா?

அடங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அதனால்தான் எழுத வேண்டும். எரிபொருள், அதிவேகப் பாதைக் கட்டணம், பார்க்கிங், டிரைவரின் சாப்பாடும் தங்குமிடமும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு: இவற்றுக்கு ஒவ்வொரு வரி. டிரைவர் வழிகாட்டியுமா, வெறும் டிரைவரா என்பதையும் பிரியுங்கள். "டிரைவர்–கைடு" என்பதற்கு "ஓட்டுநர்/வழிகாட்டி" என்று சாய்கோடு போட்டால் இரண்டு ஆள் வருவார்கள் என்று வாசித்தவர்களும் உண்டு. "ஒரே நபர், வண்டியும் ஓட்டுவார், இடங்களையும் விளக்குவார்" என்று எழுதினால் தீர்ந்தது. டிப்ஸ் அடங்காது. அது கட்டாயமில்லை என்பதையும் சேருங்கள், பாவம், டிரைவருக்கும் கேட்க வெட்கமாக இருக்காது.

விலையை "ரூ." என்று போட்டால் போதுமா?

ஐயோ, வேண்டாம். தமிழ்நாட்டில் ரூபாய், இங்கே ரூபா, சுருக்கினால் இரண்டும் "ரூ." ஆகிவிடும். ஒரு இந்திய ரூபாயை மாற்றினால் ஒன்றுக்கு மேற்பட்ட இலங்கை ரூபா வரும். "இலங்கை ரூபா" என்று ஒவ்வொரு தொகைக்கும் முழுதாக எழுதுங்கள், பக்கத்தின் மேலே ஒரு தடவை சொல்லிவிட்டு விடாதீர்கள். ஹோட்டல் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி (++) இருந்தால் சேவைக் கட்டணமும் பெறுமதிசேர் வரியும் அதற்கு மேல் வரும் என்று பொருள். அந்தக் குறியை அப்படியே விட்டால் தமிழ் வாசகருக்கு அது வெறும் அலங்காரம்.

கடைசியில் "மேலே குறிப்பிடாத எதுவும் அடங்காது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் இவ்வளவு பாடுபட வேண்டாமே?

அந்த வரி வேண்டும், நானும் போடுவேன். ஆனால் அது காப்பது பட்டியலில் பெயரே வராத பொருட்களை மட்டும்தான். பட்டியலில் பெயர் வந்து, அதன் எல்லை தெளிவில்லாமல் இருந்தால் அந்த வரியால் ஒன்றும் ஆகாது. படகுச் சவாரி "குறிப்பிட்டது"தானே? சந்தேகமான சொல்லை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்வது என்ற வழக்கம் ஒப்பந்தச் சட்டத்தில் பழையது, ஆகவே மங்கலாக எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைக்கும் கம்பனிக்கும் அது லாபமில்லை. "முதலியன", "போன்றவை" இரண்டையும் அடங்கும் பக்கத்திலிருந்து துடைத்துவிடுங்கள்.

ஆங்கிலமும் தமிழும் முரண்பட்டால் எது செல்லும்?

கம்பனிகள் பெரும்பாலும் ஆங்கிலம் என்று எழுதும், அதுவும் கடைசியில் சின்ன எழுத்தில். ஆங்கிலம் வாசிக்காதவருக்குத் தமிழில் கொடுத்துவிட்டு ஆங்கிலம்தான் செல்லும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் முடிவு கம்பனியுடையது. அப்படியானால் அந்த வரியைத் தமிழில், பட்டியலுக்கு மேலே, அதே அளவு எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பிரதிக்கும் ஒரே வரி எண் போடுங்கள். "தமிழில் 14, ஆங்கிலத்திலும் 14" என்று கைவைத்துக் காட்ட முடிந்தால் பாதிப் பேச்சு அங்கேயே முடியும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொன்ன வாக்குறுதிகளைப் பற்றியும் கேளுங்கள், அவை சேருமென்றால் பட்டியலில் ஏறட்டும்.

அனுப்பும் முன் சரிபார்க்க ஏதாவது வழி?

டிரைவரிடம் கொடுப்பேன். கம்பனி மேலாளரிடம் கொடுத்தால் தனக்குத் தெரிந்ததை வைத்து இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு "சரியா இருக்கு" என்பார். டிரைவர்தான் வாயில் ஜன்னலிலும் படகுத்துறையிலும் நிற்கிறவர். ஒவ்வொரு நாளாக வாசித்து, "இங்கே காசு யார் கொடுக்கிறது அண்ணே?" என்று கேட்பேன். அவர் ஒரு நொடி யோசித்தால் அந்த வரியைத் திரும்ப எழுதுவேன். போன வாரம் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலை வரியில் நின்றுவிட்டார். சுற்றிக் காட்டுவதற்குச் சில தொழிற்சாலைகள் காசு வாங்குவதில்லை, சில வாங்கும், நான் எழுதியதில் எந்தத் தொழிற்சாலை என்றே இல்லை.